கடைசி பில்லுக்குப் பிறகு

ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றைக்கு முடிந்தது என்று கேட்டால், அதில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். பைப் பதித்த கேங்குக்கு, கடைசிப் பள்ளத்தை மூடிய அன்று முடிந்தது. மோட்டார் மாட்டியவர்களுக்கு, பம்பு முதன்முதலாக ஓடிய அன்று. அரசாங்கத்துக்கு, விழா மேடையில் பொத்தானை அமுக்கிய அன்று. கம்பெனிக்கு, பில்லில் பிடித்து வைத்திருந்த தொகை வங்கிக் கணக்கில் விழுந்த அன்று. ஊர்க்காரர்களிடம் கேட்டால், "எங்க முடிஞ்சிது? வாரத்துக்கு ரெண்டு நாள்தான தண்ணி வருது" என்பார்கள்.

நான் பில் போடுகிறவன். கம்பெனிக் கடிதத்தில் குவாண்டிட்டி இன்ஜினியர். சைட்டில் 'பில்லு சார்'. எத்தனை மீட்டர் பள்ளம், அதில் மண் எவ்வளவு, பாறை எவ்வளவு, எந்த விட்டத்தில் எவ்வளவு பைப், எத்தனை வால்வு என்று கணக்கெடுத்து, துறை இன்ஜினியரோடு அளந்து, எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் ஏற்றி, காசு வரவைப்பது என் வேலை. இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. எல்லோரும் போன பிறகும் பில் போடுகிறவன் இருந்தாக வேண்டும். கடைசி பில்லைக் கொடுத்துவிட்டு, ஆபீஸாக இருந்த வாடகை வீட்டின் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைப்பதும் அவன்தான். அதனால் ஒரு குழு எப்படிக் கலைகிறது என்பதை முதல் ஆளில் இருந்து கடைசி ஆள் வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

திட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். தாமிரபரணி ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கி, அங்கிருந்து தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன வேலை. ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் இருக்கும். தெற்கே போகப்போக உடைமரம், பனை, காற்றாடி என்று நிலம் மாறிவிடும். கடலை நெருங்க நெருங்கக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக் குடித்த ஊர்கள் அவை. நான்கு வருடத்துக்கும் மேலே ஆனது. வள்ளியூரில் வீடு பிடித்து, கீழே ஆபீஸ், மாடியில் தங்கல், பின்கட்டில் சமையல் என்று இருந்தோம்.

இத்தனை வருடம் ஒன்றாக இருந்த கூட்டம் ஒரே நாளில் கலைந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ஒரு கறிச்சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்து, அழுகிறவர்கள் அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் கட்டுமான வேலையில் அப்படி ஒரு நாள் வராது. முதலில் வந்தவன் முதலில் போகிறான். அவன் வேலை முடிந்ததும் அவனை அனுப்பிவிடுவார்கள், மற்றவர்கள் வேலை பாதியில் இருக்கும்.

முதலில் போவது சர்வேயர். பைப் போகிற பாதையை நடந்து பார்த்து, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து லெவல் எடுத்து, வரைபடம் சரியாகி, முக்கால்வாசி பைப் பதிந்த உடனே அவருக்கு இங்கே முழுநேர வேலை இல்லை. அடுத்து பள்ளம் தோண்டுகிற ஜே.சி.பி.யும் பைப் இறக்குகிற கேங்கும். அதற்குப் பிறகு மேல்நிலைத் தொட்டி கட்டுகிற கம்பி வேலைக்காரர்களும் சென்டரிங் ஆட்களும். டெஸ்டிங் முடிய முடியப் பைப் ஃபிட்டர்கள். இவர்கள் எல்லாம் போன பிறகுதான் பேனல் போர்டு ஆட்கள், மோட்டார் கம்பெனிக்காரர்கள், குளோரின் போடுகிறவர்கள் வருவார்கள். விழாவன்று சைட்டில் இருப்பது கடைசியாக வந்த இவர்கள்தான். குழாயைத் திறந்து தண்ணீர் கொட்டுகிற போட்டோவில் நிற்பதும் இவர்கள்தான். அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் அந்த போட்டோவை மட்டும் பார்க்கிறவனுக்கு, தரைக்குள் இருக்கிற பைப்புக்கும் அங்கே நிற்கிறவர்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது தெரியாது.

ஏன் இப்படி அவசரமாக அனுப்புகிறார்கள் என்பதற்குக் காரணம் கல்நெஞ்சம் இல்லை, கணக்கு. ஒரு ஆளின் சம்பளம் எந்த சைட்டின் பெயரில் எழுதப்படுகிறதோ அந்த சைட்டின் லாபத்தில் அது கழியும். வேலை குறைந்த பிறகும் ஆளை வைத்திருந்தால் புராஜெக்ட் மேனேஜரை ஹெட் ஆபீஸ் மாதாந்திரக் கூட்டத்தில் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், புதிதாகத் தொடங்கிய சைட்டில் ஆள் இல்லை என்று அங்கிருந்து போன் மேல் போன். ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில் வரும். "திங்கக்கிழமை விருதுநகர் சைட்ல இருக்கச் சொல்லிட்டாவ சார்" என்று ஒருவர் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். நாம் அன்றைக்கு அளவெடுக்க வெளியே போயிருந்தால் அதுவும் தெரியாது. இரவு சாப்பிட உட்காரும்போது ஒரு தட்டு குறையும், சமையல்காரர்தான் சொல்வார்.

எங்கள் சர்வேயர் களக்காட்டுப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு காலை வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார். அவர் செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கீகாரம் என்ற விஷயத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

நீண்ட தூரம் தண்ணீரைத் தள்ளுகிற பைப் சமதளத்தில் போவதில்லை. நிலம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அதுவும் ஏறி இறங்கும். முதன்முறை தண்ணீர் நிரப்பும்போது பைப்புக்குள் இருக்கிற காற்று மேட்டுப் பகுதிகளில் போய் ஒதுங்கும். அங்கே ஏர் வால்வு இருந்தால் காற்று வெளியே போய்விடும். இல்லையென்றால் அந்த மேட்டின் உச்சியிலும், அதற்கு அப்பால் பைப் கீழே இறங்குகிற சரிவிலும் காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் பைப்பின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி அதைத் தாண்டி வழியும். அந்தச் சரிவில் காற்று எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு உயரத்தை பம்பு வீணாகத் தள்ள வேண்டிவரும். ஒரு மேட்டில் இரண்டு மீட்டர், இன்னொன்றில் மூன்று மீட்டர் என்று எல்லாம் கூடிக்கொண்டே போகும். அதே போல, தாழ்வான இடங்களில் ஸ்கவர் வால்வு வைக்க வேண்டும். வண்டலை வெளியேற்ற, ரிப்பேருக்குப் பைப்பைக் காலி செய்ய.

எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்பது டிசைன் வரைபடத்தில் இருக்கும். ஆனால் டிசைன் செய்கிறவர்கள் எடுத்த லெவலுக்கும் நாங்கள் உண்மையில் பைப் பதிக்கிற பாதைக்கும் வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலைக்காரர்கள் இடதுபக்கம் வேண்டாம், வலதுபக்கம் போ என்பார்கள். ஒரு குளத்தின் கரை குறுக்கே வரும். ஒரு ஊரில் கோயில் கொடைக்குப் பந்தல் போடுகிற இடம் என்று விடமாட்டார்கள். பாதை பத்து மீட்டர் நகர்ந்தால் மேட்டின் உச்சியும் நகரும். அப்படி ஒரு இடத்தில், வரைபடத்தில் ஏர் வால்வு காட்டியிருந்த புள்ளி உண்மையில் உச்சியே இல்லை என்று அண்ணாச்சி கண்டுபிடித்தார். உச்சி அங்கிருந்து தள்ளி, குளத்துக்கரை முடிந்து ரோடு திரும்புகிற இடத்தில் இருந்தது. வால்வை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினால் வரைபடம் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், என் பக்கத்திலும் பில் தள்ளிப்போகும். மேனேஜருக்கு எரிச்சல். "இந்தா வே, கம்பைப் பிடிச்சு நீரே பாரும்" என்று லெவல் பார்க்கிற கம்பான ஸ்டாஃபை அவர் கையில் கொடுத்தார் அண்ணாச்சி. வால்வு இடம் மாறியது.

வேலை ஓட்டத்துக்கு வந்தபோது அந்தப் பகுதியில் ஒரு பிரச்சனையும் வரவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. அதனால்தான் அதைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி இல்லை. பிரச்சனை வந்து அதைத் தீர்த்திருந்தால் தேதி போட்டு எழுதியிருப்பார்கள். வராமல் தடுத்ததற்குப் பதிவேடு கிடையாது. அண்ணாச்சி அதற்கு முன்பே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு பகுதியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அவர் போன பிறகு, ஒரு ஓடைப்பாலத்தை அகலப்படுத்துகிறார்கள் என்று பாதையை மாற்ற வேண்டிவந்தது. மாற்றிய பாதைக்கு அவசரமாக லெவல் எடுத்துப் பைப் போட்டார்கள். சோதனை ஓட்டத்தில் கடைசியில் இருந்த ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. பம்பு நிலையத்தில் பிரஷர் கேஜ் வழக்கத்தைவிட மேலே நின்றது, ஃபுளோ மீட்டரில் அளவு குறைவு. உடைப்பு இருந்தால் பிரஷர் இறங்கியிருக்கும். இங்கே பிரஷர் ஏறி ஓட்டம் குறைகிறது என்றால் நடுவில் ஏதோ அடைக்கிறது. வால்வு பாதி மூடியிருக்கலாம் என்று எல்லா வால்வையும் ஆட்கள் திறந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. கோடி ஊரில் குழாயைத் திறந்தால் துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. டம்ளரில் பிடித்தால் பால் மாதிரி வெள்ளை, கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தெளிகிறது. காற்று.

எங்கே என்பதுதான் கேள்வி. கடைசியில் அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். அவர் அப்போது வேறொரு மாவட்டத்தில் வேறொரு பைப் பாதையில் நின்றுகொண்டிருந்தார். பாதை எப்படி மாறியது என்று கேட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "ஓடைப்பாலம் தாண்டி வலது கைப்பக்கம் ஒரு ஒத்தப் பனை நிக்கும்லா. அதுக்கு அந்தாண்ட ஒரு திட்டு. பாத்தா தெரியாது, கம்பு வச்சாதான் தெரியும். அங்க தோண்டுங்க." தோண்டி, பைப்பில் துளையிட்டு ஒரு ஏர் வால்வைப் பொருத்தினார்கள். திறந்ததும் வந்த சீறல் வெகுநேரம் நிற்கவில்லை. அன்று இரவே கோடி ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏறியது. கம்பெனி அறிக்கையில் "பராமரிப்புக் குழுவினரால் சரிசெய்யப்பட்டது" என்று இருக்கிறது. தோண்டியது அவர்கள்தான், அது பொய் இல்லை.

சரி, இதையெல்லாம் பார்த்த பிறகு நான் ஒன்று தேட ஆரம்பித்தேன். இந்தத் திட்டத்தின் காகிதங்களில் யார் பெயர் எங்கே இருக்கிறது? பில் போடுகிறவனிடம் எல்லாக் காகிதமும் இருக்கும், அதனால் தேடுவது சுலபம்.

எம்-புக்கில் அளவெடுத்த துறை இன்ஜினியரின் கையெழுத்து இருக்கிறது, சரிபார்த்த மேலதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, ஒப்புக்கொண்டதற்குக் கம்பெனி சார்பில் ஒருவர் கையெழுத்து. அவ்வளவுதான். கான்கிரீட் கட்டையை உடைத்துப் பார்க்கிற கியூப் பதிவேட்டில் சோதனைக்கூட ஆளின் சுருக்கெழுத்து. ஹைட்ரோ டெஸ்ட் அறிக்கையில், டெஸ்ட் நடந்தபோது இருந்தவர்கள். அண்ணாச்சியின் பெயர் இருந்தது அவருடைய லெவல் புக்கில் மட்டும்தான். மழைத்துளி பட்டு மை கலங்கிய, அழுக்கேறிய நோட்டுகள். முக்கிய எண்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதால், ஆபீஸ் காலி செய்தபோது அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள்.

பைப் ஃபிட்டர்களின் பெயர் எதிலுமே இல்லை. மஸ்டர் ரோலில் இருக்கும், அது கூலிக்கான கணக்கு. டி.ஐ. என்கிற இரும்புப் பைப்பின் வாயில் ரப்பர் வளையத்தை உட்கார வைத்து, சோப்புக் கரைசல் தடவி, அடுத்த பைப்பை நேர்கோட்டில் பிடித்து உள்ளே தள்ளுகிற வேலை அவர்களுடையது. வளையம் துளி மடிந்தாலும் அந்த இணைப்பு ஒழுகும். ஹைட்ரோ டெஸ்ட்டின்போது பைப்பின் நடுப்பகுதியை மட்டும் மண் போட்டு மூடி, இணைப்புகளைத் திறந்தே வைத்திருப்பார்கள். தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றி, மேட்டில் காற்றை வெளியேற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, அப்புறம் கைப்பம்பு போட்டு அழுத்தத்தை ஏற்றுவார்கள். வேலை ஓட்டத்தில் இருக்கப்போகிற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. பிறகு கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முள் அசையாமல் நின்றால், பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்திருக்கிற ஃபிட்டர் பீடியைப் பற்ற வைப்பார். அந்தத் தொழிலில் உள்ள அதிகபட்சப் பாராட்டு அதுதான். அதைப் பார்க்க நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மறுநாள் இணைப்புகளை மூடி, மேலே ரோடு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வேலையை யாரும் பார்க்க முடியாது, ஒழுகினால் தவிர.

கல்வெட்டில் பெயர் இல்லை என்று எங்கள் ஆட்கள் யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கல்வெட்டு யாருக்கானது என்பது எல்லோருக்கும் தெரியும். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற ஆற்றுப்பாலம் 1843-ல் திறந்தது. அது இன்றைக்கும் சுலோச்சன முதலியார் பாலம்தான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டவர். பெயர் நின்றது நியாயம். ஆனால் ஆற்று வெள்ளத்துக்கு நடுவில் கல்லை அடுக்கிய கொத்தனார் ஒருவரின் பெயரையாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? இது நேற்றுத் தொடங்கிய வழக்கம் இல்லை.

உறுத்தியது வேறு. ஒரு வேலை முடிந்தால் துறையிடமிருந்து முடிவுச் சான்றிதழ் வாங்குவார்கள். இத்தனை கோடி மதிப்பில், இத்தனை கிலோமீட்டர் பைப், இத்தனை தொட்டி, திருப்திகரமாக முடிந்தது என்று. அந்தக் காகிதம் கம்பெனிக்குத் தங்கம். அடுத்த பெரிய டெண்டரில் 'இதுபோன்ற வேலை செய்த அனுபவம்' என்ற தகுதியை அதை வைத்துத்தான் காட்டுவார்கள். எங்கள் நான்கு வருடம் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை உண்டாக்கியவர்களுக்குக் கிடைப்பது, விலகும்போது கேட்டால் கொடுக்கிற அனுபவக் கடிதம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சர்வேயராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர். எந்தத் திட்டம், என்ன செய்தார், ஒன்றும் இருக்காது. அடுத்த கம்பெனியில் வேலை கேட்டுப் போகும்போது அண்ணாச்சி எதைக் காட்டுவார்? நம்பிக்கையான நாலு பேரின் போன் நம்பரைத்தான் கொடுக்க முடியும். அந்த நாலு பேரும் இப்போது நாலு ஊரில் இருக்கிறார்கள்.

குழுக்களைப் பற்றி ஆராய்ந்த புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், குழு கூடுவது, முட்டிக்கொள்வது, இசைவது, வேலை செய்வது என்று நான்கு கட்டங்களை 1965-ல் எழுதினார். தபால்வழி எம்.பி.ஏ. படித்தவர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள், நானும் செய்தேன். ஐந்தாவதாகக் கலைதல் என்று ஒன்று இருக்கிறது என்பதை மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து அவர் எழுதியது 1977-ல். படித்தவர்களுக்கே அதைச் சேர்க்கப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் ஹெட் ஆபீஸின் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் அப்போதும் நான்கு கட்டம்தான் இருந்தது.

கலைந்த பிறகு வருகிற வெறுமை எனக்கு நான் எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை. ஆபீஸ் காலியானபோது வரவில்லை, அப்போது தலைக்குமேல் வேலை. ஃபைனல் பில்லில் ஒவ்வொரு எண்ணுக்கும் கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பள்ளத்தைத் தோண்டியவனை மனதுக்குள் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன். காகிதத்தில் குழு இன்னும் இருந்தது. பில் பாஸ் ஆகி, அடுத்த சைட்டுக்கு மாறி, புது மேஜையில் உட்கார்ந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. ஏழு மணி என்பது வாட்ஸாப் குழுவில் அன்றைய மீட்டர் கணக்கு விழுகிற நேரம். எந்தப் பக்கம் எவ்வளவு பைப் இறங்கியது, எங்கே பாறை, யாருக்கு டீசல் தீர்ந்தது. கை தானாக போனை எடுத்தது. குழுவில் கடைசியாக இருந்தது, வாடகை வீட்டின் கரண்டு பில் கட்டிய ரசீதை நானே போட்டது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. வேலை பிடித்துப் போனதால் வந்த ஏக்கம் இல்லை இது. வேலையில் பாதி நாள் சண்டைதான். என்ன குறைகிறது என்றால், நான் ஒன்றைச் சொன்னால் முன்பின் விளக்காமல் புரிந்துகொள்கிற ஆட்கள். 'அந்தப் பனங்காட்டுப் பாறை' என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பிரேக்கர் உளி மூன்று உடைந்து, துறைக்காரர் அதைப் பாறை என்று ஒப்புக்கொள்ள மறுத்து, அவரை அங்கேயே கூட்டிப்போய் கடப்பாரையைக் கையில் கொடுத்த கதை அது. புது சைட்டில் அதைச் சொன்னேன். "அப்படியா சார்" என்றார்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? வீட்டில் சொன்னால், நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமைகூட வராமல் கிடந்த இடத்தைப் பற்றி இவ்வளவு ஆசையா என்று பார்க்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

செய்ததைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அங்கீகாரம் இல்லை என்ற குறையும் வெறுமையும் எனக்கு ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. கம்பெனி ஒரு கேடயம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கேடயத்தை வாங்குகிற அன்று கைதட்டுவதற்கு அந்த ஃபிட்டர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல். தாமிரபரணியில் வந்த வெள்ளம் ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளையும் மோட்டார்களையும் பைப்களையும் பல இடங்களில் சேதப்படுத்தியது, ஊர் முழுக்கத் தண்ணீரில் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த இரவில் செத்துக் கிடந்த எங்கள் வாட்ஸாப் குழு முழித்துக்கொண்டது. முதல் செய்தி தெலங்கானாவில் இருந்து வந்தது, பழைய தொட்டி ஃபோர்மேன். "நம்ம கிணறு நிக்கா?" அடுத்தடுத்து ஒவ்வொருவராக. போனவர்கள் யாரும் குழுவை விட்டு வெளியேறவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாருக்கும் அங்கே இப்போது சம்பளம் இல்லை, பொறுப்பு இல்லை, கம்பெனியின் பராமரிப்புக் காலமும் முடிந்திருந்தது. ஆபரேட்டர் ஒருவர் டவர் கிடைத்த நேரத்தில் பதில் போட்டார்: கிணறு நிற்கிறது, நடைபாலமும் கேபிளும் போய்விட்டது, கரையோரம் பைப் வெளியே தெரிகிறது, எந்த வால்வை மூட வேண்டும்? நெட் கிடைக்காமல் வரைபடம் திறக்கவில்லை. ஆளாளுக்கு நினைவிலிருந்து சொன்னார்கள். இந்தப் பக்கம் இத்தனையாவது மீட்டரில், ரோட்டிலிருந்து இத்தனை அடி உள்ளே, மூடி மண்ணுக்குள் போயிருக்கும், கம்பியால் குத்திப் பார். பாதி விஷயம், வேலை முடிந்தபின் உள்ளபடி வரைந்து கொடுக்கிற அஸ்-பில்ட் வரைபடத்திலேயே இல்லாதது.

அந்த ஆபரேட்டர் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கிறவர். மண்ணைக் குத்திக் குத்தி வால்வைக் கண்டுபிடித்து மூடிவிட்டு அவர் அனுப்பிய குரல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. "கெடச்சிட்டு அண்ணாச்சி. நீங்க சொன்ன எடத்துலதான் இருந்துச்சு." இத்தனை வருடத்தில் எங்கள் வேலைக்கு வந்த பாராட்டில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இதைச் சொன்னவர் அந்த வால்வைக் கையால் தொட்டவர்.

அதற்குப் பிறகு நான் ஒரு சின்ன வேலை செய்தேன். இப்போது இருக்கிற சைட்டில், ஆபரேட்டர்களிடம் ஒப்படைக்கிற வால்வுப் பதிவேட்டின் படிவத்தை மாற்றினேன். முன்பெல்லாம் வால்வு எண், வகை, அளவு, எந்த மீட்டரில் என்று மட்டும் இருக்கும். இப்போது நிலையான அடையாளம் இரண்டிலிருந்து தூரம், தரையிலிருந்து ஆழம், லெவல் எடுத்தவர், பொருத்தியவர், இருவரின் போன் எண் என்று பத்திகளைச் சேர்த்தேன். பெயர் போட வேண்டும் என்று கேட்டிருந்தால் மேனேஜர் சிரித்திருப்பார். ரிப்பேருக்கு வசதி என்று சொன்னேன், துறைக்காரர்களே நல்லது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஃபிட்டர் ஒருவர் தன் பெயரை அதில் பார்த்துவிட்டு, ஒழுகினால் தன்னைப் பிடிப்பதற்கா என்று கேட்டார். அதற்கும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது, திருத்துங்கள் என்றார். லெவல் புக்குகளையும் இந்த முறை பேப்பர்காரருக்குப் போடவிடவில்லை, ஸ்கேன் செய்து பதிவேட்டோடு சேர்த்தாயிற்று.

இன்னொன்றும் கேட்டேன். தண்ணீர் ஏற்றுகிற வாரத்துக்கு சர்வேயரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று. இங்கேயும் சர்வே அண்ணாச்சியேதான். நான் சொல்லித்தான் எடுத்தார்கள், வழக்கம்போல முன்னாடியே வேறு சைட்டுக்கு அனுப்பியும் விட்டார்கள். "அந்த ஒரு வாரச் சம்பளத்தை எந்தக் கணக்கு ஹெட்ல போடுவீரு?" என்றார் மேனேஜர். டெஸ்டிங் ஹெட்டில் போட்டேன். காற்று அடைத்தால் ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு செலவு என்று பழைய சைட்டின் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணாச்சி வருகிறார். பைப் ஃபிட்டர்களுக்கும் கேட்டுப் பார்த்தேன், அதற்கு ஹெட் கிடைக்கவில்லை.